சாலை விபத்தால் செய்முறைத் தேர்வு எழுத முடியாதவர் வேறு தேதி கேட்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தேர்வுக்கு முதல் நாள் மாலையிலோ தேர்வன்று காலையிலோ விபத்தில் சிக்கிய மாணவருக்காக வீட்டார் கல்லூரிக்கு வரும்போது, பெரும்பாலும் கையில் எஃப்.ஐ.ஆர். நகல் ஒன்றை மட்டும் வைத்திருப்பார்கள். காவல்துறையே எழுதிக் கொடுத்துவிட்டது, இனி யார் மறுக்க முடியும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்த நகல் சொல்வது இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் விபத்து நடந்ததாகப் புகார் வந்திருக்கிறது என்பதை மட்டுமே. தேர்வு நடந்த நாளில் அந்த மாணவரால் தேர்வுக்கூடத்துக்கு வந்து நிற்க முடியாத நிலை இருந்ததா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. தேர்வு அலுவலகம் கேட்பதோ இந்தக் கேள்வியைத்தான். அதற்குப் பதில் சொல்லக்கூடியது மருத்துவரின் சான்றிதழ் ஒன்றே. காவல்துறை ஆவணம் அதற்குத் துணை நிற்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தத் தாளை எப்போது, யாரிடம் வாங்குவது என்பது தானாகவே தெளிவாகும்.

முதலில், எதைக் கேட்கலாம் என்பதை முடிவுசெய்ய வேண்டும். எழுத்துத் தேர்வை ஒரு மாணவருக்காக வேறு நாளில் நடத்தமாட்டார்கள். ஒரே வினாத்தாள் எல்லா மையங்களிலும் ஒரே நேரத்தில் பிரிக்கப்படுவதால், தவறவிட்டவர் துணைத் தேர்வையோ அடுத்த பருவத்தையோதான் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளிலும் தனி ஒருவருக்காகத் தேதி மாறுவதில்லை. செய்முறைத் தேர்வு அப்படியல்ல. ஆய்வகத்தில் இடம் குறைவாக இருப்பதால் மாணவர்களைப் பேட்ச் பேட்சாகப் பிரித்துப் பல நாள்கள் நடத்துகிறார்கள். புறத்தேர்வாளர் வந்து போகும் அந்தக் கால எல்லைக்குள், மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன், ஒரு மாணவரை ஒரு பேட்சிலிருந்து இன்னொரு பேட்சுக்கு மாற்ற நடைமுறையில் வழி இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கும் ஆய்வேட்டு நேர்காணலுக்கும் இது பொருந்தும். ஆகவே இந்த வழிகாட்டி செய்முறைத் தேர்வை மையமாகக் கொண்டது. எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர்களும் ஆவணங்களை இதே முறையில் திரட்டலாம். ஆனால் அவர்கள் கேட்க வேண்டியது புதிய தேதியை அல்ல. மருத்துவக் காரணத்தால் வர இயலவில்லை என்ற பதிவையும், துணைத் தேர்வு வாய்ப்பையும், தேவைப்பட்டால் வருகைப்பதிவில் சலுகையையும் கேட்க வேண்டும்.

நடைமுறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து பார்ப்போம். பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த, தருமபுரியில் மூன்றாமாண்டு இளநிலை வேதியியல் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 12, புதன்கிழமை காலை 10 மணிக்கு அவருக்குச் செய்முறைத் தேர்வு. முந்தைய நாள் மாலை ஏறத்தாழ 6.20 மணிக்கு, அண்ணன் ஓட்டிய பைக்கின் பின்னால் அமர்ந்து இண்டூர் வழியாக ஊர் திரும்பும்போது சரக்கு வேன் ஒன்று பக்கவாட்டில் உரசியதில் கீழே விழுகிறார். தலையில் அடி, சில நிமிட மயக்கம், முழங்காலில் கிழிசல் காயம். 108 ஆம்புலன்ஸ் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கிறது. அந்தத் துறையின் கடைசிப் பேட்ச் நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. கையில் இருப்பது ஏழு நாள்.

அரசு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் விபத்துக் காயத்தோடு வருபவர் எவராக இருந்தாலும், பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதுகிறார். ஊழியர்களும் போலீசாரும் அதை ஏ.ஆர். என்றே சொல்வார்கள். வந்த தேதி, நேரம், அழைத்து வந்தவர், விபத்து எப்படி நடந்ததாகச் சொல்லப்பட்டது, காயங்கள் எவை என்பவை அதில் பதிவாகும். பிறகு காவல் நிலையத்துக்கும், பெரிய மருத்துவமனையாக இருந்தால் அங்கேயே இருக்கும் புறக்காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். பின்னால் வரும் எல்லாத் தாள்களுக்கும் இந்தக் குறிப்பே வேர். அதனால் முதல் மணி நேரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பதிவேட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், விபத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்பவர் அதை நேரில் பார்த்தவராகவோ பாதிக்கப்பட்டவராகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் தவறு நேர்ந்ததும் இந்த இடத்தில்தான். அண்ணனுக்கும் அடிபட்டு அவர் வேறு படுக்கையில் இருந்ததால், செய்தி கேட்டு ஓடிவந்த சித்தப்பா மருத்துவரிடம் பேசினார். ‘பைக்கில் இருந்து தவறி விழுந்துவிட்டாள், ஏழு ஏழரை மணி இருக்கும்’ என்றார். ஏ.ஆர். குறிப்பில் அதுவே பதிவானது. மறுநாள் அண்ணன் கொடுத்த புகாரில் வேன் உரசியது என்றும், நேரம் 6.20 என்றும் வந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தேர்வுப் பிரிவு எழுத்தருக்கு, இவற்றில் ஒன்று ஜோடனையோ என்ற ஐயம் எழுவது இயல்பு. (நெருங்கிய உறவினர் பதற்றத்தில் சொல்லும் கதைதான் இந்த விண்ணப்பங்களில் அதிகத் தொல்லை தருகிறது என்பது என் அனுபவம்.) பதிவேட்டில் எழுதியதை யாரும் அடித்துத் திருத்தித் தரமாட்டார்கள், அப்படித் திருத்தச் சொல்லிக் கேட்கவும் கூடாது. செய்யக்கூடியது இரண்டு. மாணவி தெளிவாகப் பேசும் நிலைக்கு வந்ததும், விபத்து நடந்த விதத்தை வார்டு மருத்துவரிடம் தானே சொல்லி, அதைச் சிகிச்சைக் குறிப்பேட்டில் பதிவுசெய்யும்படி கேட்பது முதலாவது. முரண்பாட்டை மறைக்காமல் விண்ணப்பத்திலேயே ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுவது இரண்டாவது. 108 ஆம்புலன்சுக்கு அழைத்த நேரம் கைபேசி அழைப்புப் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்தால் 6.20 என்ற நேரத்துக்கு அது நல்ல சான்று.

அடுத்து, தேர்வு தொடங்குவதற்கு முன்பே கல்லூரிக்குத் தகவல் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். எல்லா ஆவணமும் கிடைத்த பிறகு ஒரே கட்டாகக் கொடுக்கலாம் என்று காத்திருப்பது பெரிய பிழை. டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் கிடைக்கும், அதற்குள் அந்தப் பேட்சின் வருகைத்தாளில் ‘வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். இரவே வீட்டார் ஒருவர் துறைத் தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, கல்லூரி முதல்வரின் அலுவலக மின்னஞ்சலுக்குச் சில வரிகள் அனுப்பினால் போதும். அந்த மின்னஞ்சல் இப்படி அமையலாம்:

‘மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, தங்கள் கல்லூரியில் மூன்றாமாண்டு வேதியியல் பயிலும் என் மகள் (பதிவு எண்: ……) இன்று 11.11.2025 மாலை 6.20 மணியளவில் இண்டூர் அருகே சாலை விபத்தில் காயமுற்று, அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டுள்ளார். விபத்துப் பதிவேட்டு எண்: ……. தலைக்காயத்துக்காகக் கண்காணிப்பில் இருப்பதால், நாளை 12.11.2025 காலை 10 மணிக்கு நடைபெறும் செய்முறைத் தேர்வில் கலந்துகொள்ள இயலாது. மருத்துவ, காவல்துறை ஆவணங்களை விரைவில் சமர்ப்பிக்கிறோம். 18.11.2025க்குள் உள்ள வேறொரு பேட்சில் தேர்வெழுத அனுமதிக்க வேண்டுகிறோம்.’

இதில் நுழைவுச்சீட்டின் படத்தையும், மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டின் படத்தையும் இணைக்க வேண்டும். காயத்தின் படங்கள் வேண்டாம். அவை எதையும் நிரூபிப்பதில்லை, மாணவியின் கண்ணியத்துக்கும் நல்லதல்ல. வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்குச் செய்தி அனுப்புவது நல்லதுதான், ஆனால் அது மின்னஞ்சலுக்கு மாற்றாகாது. பின்னர் கோப்பில் வைக்கப்படுவது மின்னஞ்சலின் அச்சுப்படியே.

காவல் நிலையத்துக்குப் போவது மறுநாள் வேலை. புகாரை விபத்து நடந்த இடத்துக்குரிய காவல் நிலையத்தில் கொடுப்பது வழக்கம். இடத்தின் எல்லை தெரியாவிட்டாலும் கவலையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. பொதுவாக முதலில் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்புச் சீட்டைத் தருவார்கள். வழக்குப் பதிவான பிறகு எஃப்.ஐ.ஆர். வரும். அதன் நகலைப் புகார்தாரரும் பாதிக்கப்பட்டவரும் கட்டணமின்றிப் பெறலாம். உச்ச நீதிமன்றம் 2016-இல் பிறப்பித்த உத்தரவின்படி, பாலியல் குற்றம் போன்றவை தவிர்ந்த வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். இணையத்திலும் ஏற்றப்படுகிறது. தமிழ்நாடு காவல்துறையின் eservices.tnpolice.gov.in தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்து அதை இறக்கிக்கொள்ளலாம்.

எல்லா விபத்துக்கும் எஃப்.ஐ.ஆர். தேவையா என்றால், இல்லை. மழையில் வழுக்கித் தானே விழுந்தவருக்கு எதிர்த்தரப்பு என்று யாரும் இல்லை. அங்கே ஏ.ஆர். நகலும் மருத்துவர் சான்றும் இருந்தால் கோரிக்கை நிற்கும். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தேர்வு அலுவலகம் ஏற்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வராத வண்டியை வந்ததாக எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பொய்ப் புகார் தனிக் குற்றமாவதோடு, ‘தவறி விழுந்தார்’ என்ற மருத்துவமனைப் பதிவோடு அது முட்டிக்கொண்டு, உண்மையான காயத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். நம் மாணவியின் வழக்கில் வேன் உரசியது உண்மை என்பதால் புகார் சரியானது. விண்ணப்பம் கொடுத்த நாளில் சி.எஸ்.ஆர். மட்டுமே கையில் இருந்தது. அதையே இணைத்து, எஃப்.ஐ.ஆர். பின்னர் தரப்படும் என்று எழுதினார்கள். அது போதுமானதாக இருந்தது.

எல்லையோர ஊர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் செய்தி. தொப்பூர்க் கணவாயில் அடிபட்டவர்கள் பலர் சேலத்துக்கும், ஓசூர், சூளகிரிப் பக்கம் அடிபட்டவர்கள் பெங்களூருக்கும் கொண்டுபோகப்படுவதுண்டு. பெங்களூர் மருத்துவமனையிலிருந்து தகவல் முதலில் அங்குள்ள காவல் நிலையத்துக்குப் போவதால், காவல்துறைத் தாள் கன்னடத்தில் இருக்கக்கூடும். அதற்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு இணைத்து, விபத்து நடந்த இடத்துக்குரிய கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் நிலையத்திலும் தனியாகப் புகார் பதிவாகியிருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் கனமான தாளாகிய மருத்துவச் சான்றிதழைப் பார்ப்போம். மாணவி நவம்பர் 13 காலை வீட்டுக்கு அனுப்பப்பட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்க்கப்பட்ட தேதி, வெளியேறிய தேதி, தலைக்காயம், சி.டி. ஸ்கேனில் உள்காயம் இல்லை, முழங்காலில் தையல் ஆகியவை இருந்தன. வீட்டார் இதுவே போதும் என்று நினைத்தார்கள். ஆனால் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று படிக்கும் ஒருவர், அப்படியானால் ஏன் தேர்வெழுத முடியவில்லை என்றுதான் கேட்பார். எனவே சம்மரியோடு தனிச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். அதில் நான்கு செய்திகள் இருக்கிறதா என்று மருத்துவர் கையெழுத்திடும்போதே பார்த்துவிட வேண்டும். முதலாவது, 11.11.2025 முதல் 13.11.2025 வரை உள்நோயாளியாக இருந்தார் என்பது. அடுத்து, 12.11.2025 அன்று தேர்வில் கலந்துகொள்ள இயலாத நிலையில் இருந்தார் என்ற நேரடி வாசகம். மூன்றாவது, எந்தத் தேதி வரை ஓய்வு என்பது. நான்காவதாக, எந்தத் தேதியிலிருந்து தேர்வெழுதத் தகுதியாக இருப்பார் என்பது.

நான்காவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ‘மூன்று வாரம் முழு ஓய்வு’ என்று தாராளமாக எழுதி வாங்கிவிட்டு, அடுத்த வாரமே தேர்வுக்கு அனுமதி கேட்டால், சான்றிதழே கோரிக்கைக்கு எதிராகிவிடும். நம் மாணவிக்கு மருத்துவர் 17-ஆம் தேதி வரை ஓய்வும், 18 முதல் தகுதியும் என்று எழுதினார். அந்த ஒரு வரிதான் கடைசிப் பேட்சின் கதவைத் திறந்தது. இன்னொரு பொதுவான குறை, ‘இன்று முதல் ஐந்து நாள் ஓய்வு’ என்று சான்றிதழ் தரும் தேதியிலிருந்து கணக்கிடுவது. அதில் தேர்வு நாள் விடுபட்டுப்போகும். மருத்துவரின் பெயர், பதவி, மருத்துவப் பதிவு எண், மருத்துவமனை முத்திரை, ஏ.ஆர். எண் ஆகியவையும் இருக்க வேண்டும். மாணவியின் பெயரும் தலைப்பெழுத்தும் நுழைவுச்சீட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும், ஏனெனில் அவசரத்தில் சேர்க்கும்போது வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம்.

தனியார் மருத்துவமனைச் சான்று செல்லுமா என்று கேட்பார்கள். சிகிச்சை உண்மையில் அங்கே நடந்திருந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும். தேர்வு அமைப்பின் விதி அரசு மருத்துவர் சான்று கேட்டால், அந்த ஆவணங்களோடு அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு அங்கும் ஒரு சான்று பெறலாம். கட்டண ரசீது இல்லையே என்றும் சிலர் தயங்குகிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி அளிக்கப்படுவதால், ரசீது இல்லாதிருப்பது இயல்பே. டிஸ்சார்ஜ் சம்மரி அந்த இடத்தை நிரப்பும்.

கை எலும்பு முறிந்தவர்களின் நிலை வேறு. முன்கை முறிவுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் கட்டு இருக்கும் என்பதால், ஒரு வாரம் தள்ளி வைத்தாலும் பியூரெட்டைத் திறந்து மூட வலது கை உதவப்போவதில்லை. இவர்கள் பேட்ச் மாற்றம் கேட்பதில் பொருளில்லை, அடுத்த வாய்ப்பைக் கேட்பதே நல்லது. எழுத்துத் தேர்வாக இருந்தால், தேதி மாற்றத்தைவிடச் சொல்வதை எழுதுபவர் உதவியைக் கோருவது பயன் தரும். பிளஸ் டூ பொதுத் தேர்வு மாணவர்கள் இதைத் தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றோடு, தேர்வுக்கு முன்பே கேட்க வேண்டும்.

நவம்பர் 14 வெள்ளிக்கிழமை, மாணவியின் தந்தை முறையான விண்ணப்பத்தைக் கொடுத்தார். பெறுநர் பல்கலைக்கழகத் தேர்வாணையர், வழி கல்லூரி முதல்வர் என்று அமைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அங்கே நேராகப் போய் நின்றாலும், முதல்வரின் பரிந்துரை எங்கே என்றுதான் கேட்பார்கள். விண்ணப்பத்தின் சாரம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்:

‘பொருள்: சாலை விபத்து காரணமாக 12.11.2025 செய்முறைத் தேர்வில் கலந்துகொள்ள இயலாமை – 18.11.2025 பேட்சில் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக. நான் 11.11.2025 மாலை 6.20 மணியளவில் விபத்தில் காயமுற்று, அன்றிரவு முதல் 13.11.2025 காலை வரை அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். தேர்வு நடைபெற்ற நேரத்தில் தலைக்காயக் கண்காணிப்பில் இருந்ததால் வர இயலவில்லை. இது தேர்வுக்கு முந்தைய இரவே மின்னஞ்சலில் தெரிவிக்கப்பட்டது. விபத்துப் பதிவேட்டில் சம்பவம் ஏழு மணிக்கு மேல் நடந்ததாகவும், தவறி விழுந்ததாகவும் உள்ளது. அத்தகவல் நேரில் காணாத உறவினரால் தரப்பட்டது. சரியான விவரம் இணைப்பில் உள்ள காவல் நிலைய மனுவில் உள்ளது. 18.11.2025 முதல் நான் தேர்வெழுதத் தகுதியாக உள்ளதாக மருத்துவர் சான்றளித்துள்ளார். எனவே அன்றைய பேட்சில் அனுமதிக்க வேண்டுகிறேன்.’

இணைப்புகளை நடந்த வரிசையில் எண்ணிட்டு வைக்க வேண்டும்: நுழைவுச்சீட்டு, முதல் மின்னஞ்சலின் அச்சுப்படி, ஏ.ஆர். நகல், சி.எஸ்.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவச் சான்றிதழ். மூலச் சான்றிதழை ஒப்பிட்டுப் பார்க்கக் காட்டலாம், ஆனால் சுய சான்றொப்பமிட்ட நகலையே கொடுத்துவிட்டு வர வேண்டும். அதே மூலம் பின்னர் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குக்கும் தேவைப்படும். இரண்டு படிகள் எடுத்துப்போய், ஒன்றில் தேதி முத்திரையுடன் பெறுகைக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு கோப்பு எங்கே இருக்கிறது என்று தினமும் கேட்க வேண்டும். வெள்ளி மாலை கொடுத்தது சனி, ஞாயிறு விடுமுறையில் மேசையிலேயே கிடந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் தந்தை திங்கள் காலை 10 மணிக்கே கல்லூரியில் இருந்தார். முதல்வர் தேர்வாணையர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் பரிந்துரை அனுப்பி, மாலையில் அனுமதி வந்தது. அந்த அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். ‘வரச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்ச்சொல்லை நம்பிப் போனால், பெயர் பட்டியலில் இல்லாத மாணவருக்குப் புறத்தேர்வாளர் மதிப்பெண் இட முடியாது.

மறுப்பு வந்தால் அதையும் எழுத்தில், காரணத்தோடு கேட்டுப் பெற வேண்டும். ஆவணக் குறைதான் காரணமென்றால், அதைச் சரிசெய்து கடைசிப் பேட்சுக்கு முன் மறுமுறை கொடுக்கலாம். கால எல்லை முடிந்துவிட்டது என்பது காரணமென்றால், அந்தப் பருவத்தில் இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை. அதே ஆவணங்களைக் கொண்டு அடுத்த வாய்ப்புக்கான தேர்வுக் கட்டணத்தைக் காலத்தில் செலுத்திவிடுவதே நடைமுறை அறிவு.

தேர்வெழுதியதும் ஆவணங்களைக் கட்டி வைத்துவிடக் கூடாது. 12-ஆம் தேதி வருகைத்தாளில் ‘வரவில்லை’ என்று ஏற்கெனவே பதிவாகியிருப்பதால், முடிவு வெளியாகும்போது அந்தக் குறியே மதிப்பெண் இடத்தில் வந்து நிற்பதுண்டு. அப்படி வந்தால், அனுமதி ஆணையின் நகலையும் 18-ஆம் தேதி வருகைத்தாளின் நகலையும் முதல்வர் வழியாக அனுப்பித் திருத்தம் கேட்க வேண்டும்.